“எல்லாம் நோட்டீஸ்ல இருக்கு தம்பி”

முன்பணம் வந்தாயிற்று. வலைத்தளத்துக்கான பெயரையும் பதிவு செய்தாயிற்று. அடுத்து வடிவமைப்பாளரின் போனிலிருந்து வாடிக்கையாளருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போகிறது: “சார், கன்டென்ட், போட்டோஸ், லோகோ எல்லாம் அனுப்புங்க. வேலையை ஆரம்பிச்சிடலாம்.” பதிலும் தாமதமில்லாமல் வருகிறது: “எல்லாம் பழைய நோட்டீஸ்ல இருக்கு தம்பி. முதல்ல ஒரு மாடல் போட்டுக் காட்டுங்க, மத்ததைப் பிறகு பாத்துக்கலாம்.” கூடவே அந்த நோட்டீஸின் படம் ஒன்று. சற்றுக் கோணலாக, பாதியில் கை நிழல் விழுந்து.

இரண்டு வாரத்தில் முடிய வேண்டிய தளம் இரண்டு மாதமாக இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வடிவமைப்பாளர் “கஸ்டமர் எதுவும் தரமாட்டேங்கிறார்” என்பார். கடைக்காரர் “காசு வாங்கிட்டு வேலையைத் தொடவே இல்லை” என்பார். இருவரும் சொல்வது உண்மைதான். கோளாறு அந்த முதல் செய்தியில் இருக்கிறது. ‘கன்டென்ட் அனுப்புங்க’ என்பதற்கு ஒரு கடைக்காரர் என்ன பதில் தர முடியும்? எத்தனை பக்கம் எழுத வேண்டும், எதைப் பற்றி எழுத வேண்டும், எந்தப் படம் வேண்டும், லோகோ என்றால் விசிட்டிங் கார்டில் இருப்பது போதுமா என்று எதுவும் அதில் இல்லை. பதில் சொல்ல முடியாத கேள்விக்குப் பழைய நோட்டீஸ்தான் பதிலாக வரும்.

எழுத்தும் படமும் முன்கூட்டியே எதற்கு, அழகான ஒரு சட்டகத்தைச் செய்துவைத்துவிட்டுப் பிறகு நிரப்பிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் செய்வதற்கென்றே உலகம் முழுவதும் ஒரு பொய்யுரை புழக்கத்தில் இருக்கிறது. ‘லோரம் இப்சம்’ என்று தொடங்கும் லத்தீன் எழுத்துக் குவியல் அது. கி.மு. 45இல் ரோமானியப் பேச்சாளர் சிசெரோ எழுதிய ஒரு தத்துவ நூலின் வரிகளைச் சிதைத்துச் செய்தது. 1960களில் லெட்ராசெட் நிறுவனத்தின் ஒட்டெழுத்துத் தாள்கள் வழியாக அச்சுத் துறையில் பரவி, பின்னர் கணினிப் பக்க வடிவமைப்புக்கும் வந்து சேர்ந்தது. இடத்தை நிரப்புவது மட்டுமே அதன் வேலை. உள்ளடக்கம் இல்லாமல் செய்யும் வடிவமைப்பு வெறும் அலங்காரம்தான் என்ற பொருளில் 2008இல் அமெரிக்க வலை வடிவமைப்பாளர் ஜெஃப்ரி செல்ட்மன் எழுதினார். அந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் கருத்து அது.

தமிழ்த் தளங்களில் இந்தப் பொய்யுரையால் வரும் தொல்லை கூடுதல். லத்தீன் எழுத்துகள் ஒடுக்கமானவை. தமிழ் எழுத்துகள் அகலமானவை. மேலே புள்ளியும் கொக்கியும், கீழே சுழியும் வேறு. மேல்பட்டியில் ஆங்கிலத்தில் ‘ஹோம்’, ‘அபவுட்’, ‘கான்டாக்ட்’ என்று போட்டு அளவெடுத்து முடித்த இடத்தில் ‘முகப்பு’, ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்புக்கு’ வந்து உட்காரும்போது வரி உடைந்து இரண்டாகிறது. பட்டியின் உயரம் கூடுகிறது, அடுத்திருக்கும் லோகோ நடுவிலிருந்து விலகுகிறது. வரிகளுக்கு இடையில் விட்ட இடமும் போதாமல், மேல்வரியின் உகரச் சுழி கீழ்வரியின் இகரக் கொக்கியில் இடிக்கிறது. ஒப்புதல் வாங்கிய மாடல் ஒன்றாகவும், நிஜத் தளம் வேறாகவும் நிற்கும்.

கோவில்பட்டிக்குப் போகும் ஒரு செய்தி

இதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கலாம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்து விற்கும் ஒரு குடும்பம் வலைத்தளம் வேண்டும் என்கிறது. அந்த ஊர்க் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. வெளியூர்க்காரர்கள் தேடி வாங்கும் சரக்கு. கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல். ஸ்மார்ட்போனில் வாட்ஸ்அப்பும் யூடியூப்பும் பழக்கம், மின்னஞ்சல் மகன் பார்த்துக்கொள்வார். திருநெல்வேலியில் இருக்கும் வடிவமைப்பாளர் அவருக்கு அனுப்பும் செய்தி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“அண்ணாச்சி, வணக்கம். உங்கள் தளத்தை வரையத் தொடங்கும் முன் உங்களிடமிருந்து எழுத்து, லோகோ, படம் ஆகிய மூன்றும் வேண்டும். கீழே எண் போட்டிருக்கிறேன். எது தயாரோ அதை அந்த எண்ணைச் சொல்லி அனுப்பினால் போதும்.

1. கடையை யார், எந்த ஆண்டு, எங்கே தொடங்கினார்கள்? கடலையும் வெல்லமும் எந்த ஊரிலிருந்து வருகின்றன? பாகு விறகடுப்பிலா, கேஸிலா? எழுத நேரமில்லை என்றால் குரல் பதிவாக அனுப்புங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

2. போனில் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் ஐந்து கேள்விகளும் நீங்கள் சொல்லும் பதில்களும்.

3. சரக்குப் பட்டியல்: பெயர், எடை, விலை, என்னென்ன சேர்ந்திருக்கிறது, எத்தனை நாள் கெடாமல் இருக்கும். முழுப் பட்டியல் பிறகு போதும். இப்போது ஐந்து சரக்குகள் மட்டும்.

4. உணவுப் பாதுகாப்பு உரிம எண், ஜிஎஸ்டி எண், பில்லில் உள்ளபடி பெயரும் முகவரியும், புகார் சொல்ல வேண்டிய போன் எண்.

5. லோகோ: அதை வரைந்த அச்சகத்திலோ ஃபிளெக்ஸ் கடையிலோ மூலக் கோப்பைக் கேளுங்கள். ‘கர்வ் பண்ணி சிடிஆர் ஃபைலாக் குடுங்க’ என்றால் அவர்களுக்குப் புரியும்.

6. படங்கள்: கடை முகப்பு, பாகு காய்ச்சுவது, மிட்டாய் வெட்டும் கை, பொட்டலம் கட்டுவது, ஐந்து சரக்குகள் தனித்தனியே, நீங்கள் கடையில் நிற்பது. போனைப் படுக்கையாகப் பிடித்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது Document என்பதை அழுத்தி அனுப்புங்கள்.

7. உங்கள் வீட்டில் கடைசி முடிவு சொல்பவர் யார்? அவரிடம் மட்டும் நான் ஒப்புதல் கேட்கிறேன்.

இவை 20ஆம் தேதிக்குள் வந்தால் முதல் மாடலை அடுத்த வாரம் காட்டுகிறேன். தள்ளிப்போனால் அதே அளவு நாள் மாடலும் தள்ளிப்போகும்.”

நீளமான செய்திதான். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் கடைக்காரரால் இருக்கும் இடத்திலிருந்தே பதில் சொல்ல முடியும், அல்லது யாரிடம் கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும். ‘அபவுட் அஸ்’ என்ற சொல்லே இதில் இல்லை.

எழுத்து: நோட்டீஸ் தராதது

‘உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்’ என்று கேட்டால் வருவது எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி இருக்கும். பாரம்பரியம் மிக்க தரம், வாடிக்கையாளர் திருப்தி, நியாயமான விலை. கடலைமிட்டாய்க்கும் பொருந்தும், கதவுப் பூட்டுக்கும் பொருந்தும். முதல் கேள்வி ஆண்டையும் ஊரையும் அடுப்பையும் கேட்பது இதனால்தான். ‘தாத்தா பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல தட்டுல வச்சு வித்தாரு’ என்ற ஒரு வரி குரல் பதிவில் வந்தால், பக்கத்தின் தலைப்பே அதிலிருந்து கிடைத்துவிடும். கடைக்காரர்கள் பலர் எழுதச் சொன்னால் தயங்குவார்கள். பேசச் சொன்னால் தடையில்லாமல் பேசுவார்கள். குரல் பதிவைக் கேட்டு எழுதுவது வடிவமைப்பாளருக்குக் கூடுதல் வேலை. அதற்குத் தனிக்கட்டணம் உண்டா இல்லையா என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முன்பின் பார்க்கையில் சாதாரணமாகத் தெரியும் இரண்டாவது கேள்விதான் இந்தப் பட்டியலிலேயே கனமானது. போனில் என்ன கேட்கிறார்கள் என்பது, தளத்துக்கு வருபவர் எதைத் தேடி வருகிறார் என்பதற்கு ஏறத்தாழ சமம். நம் கடைக்காரர் இப்படிப் பதில் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம்: கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட மொத்தமாகக் கிடைக்குமா, பொட்டலத்தின் மேல் பெயர் அச்சிட்டுத் தருவீர்களா, வெளிமாநிலத்துக்கு அனுப்புவீர்களா, எத்தனை நாள் தாங்கும், வெல்லமா சர்க்கரையா. ஐந்தில் இரண்டு விசேஷ வீட்டு ஆர்டர். அந்த நிமிடமே வடிவம் மாறுகிறது. முகப்பில் ஒற்றைப் பொட்டலத்தை வண்டியில் போடும் பொத்தான் மட்டும் இருந்தால் போதாது. ‘விசேஷங்களுக்கு மொத்த ஆர்டர்’ என்ற பகுதி மேலேயே வர வேண்டும். தேதி, எண்ணிக்கை, ஊர் ஆகிய மூன்றையும் கேட்கும் சிறு படிவம் அதற்குக் கீழே வேண்டும். எவ்வளவு நேர்த்தியான மாடலாக இருந்தாலும் இந்தப் பதில் இல்லாமல் வரைந்திருந்தால் இந்தப் பகுதி அதில் இருந்திருக்காது.

மூன்றாவது கேள்வியில் ஐந்து சரக்குகளை மட்டும் கேட்பதில் ஒரு தந்திரம் உண்டு. அனுபவமுள்ளவர்கள் எந்த ஐந்து என்பதையும் சொல்லிவிடுவார்கள்: பெயர் மிக நீளமானது ஒன்று, மிகக் குட்டையானது ஒன்று, நான்கைந்து எடைகளில் விற்பது ஒன்று, அதிகம் விற்பது ஒன்று, நல்ல படமே இல்லாதது ஒன்று. ‘எள்ளுருண்டை’ என்ற பெயருக்கு அளவெடுத்த கட்டத்தில் ‘கருப்பட்டி கடலைமிட்டாய் (சுக்கு ஏலக்காய் சேர்த்தது)’ என்பதும் அடங்க வேண்டும். நடுத்தரமான ஐந்தை வைத்து வரைந்தால் கட்டம் அழகாக இருக்கும். நிஜப் பட்டியல் ஏறும் அன்றுதான் ஓரங்கள் உடையும். இந்த ஐந்தும் தாங்கினால் மீதி ஐம்பதும் தாங்கும். அவற்றுக்காக வேலையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

எழுத்து எந்த வடிவில் வருகிறது என்பதும் முக்கியம். அச்சகத்தில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பை நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினால் சில நேரம் இப்படி வரும்:

```
jkpo;
```

இது ‘தமிழ்’ என்ற சொல். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திவைத்திருந்தன. எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத இடத்தில் மூல ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது என்றாலும், பத்திரிகை அடிக்கும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்றும் ஓடுகின்றன. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் எந்த எழுத்துரு என்று தெரிந்தாக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எழுத்து அடுக்கு வேறு. பத்தியின் நடுவே உள்ள ஆங்கிலச் சொற்களையும் கருவி தமிழென்று நினைத்து மாற்றிவிடும் என்பதால் வரி வரியாகப் படித்துத் திருத்த வேண்டும். போனில் தட்டச்சு செய்யும் தமிழ் யூனிகோடுதான். எனவே ‘அச்சகக் கோப்பு வேண்டாம், வாட்ஸ்அப்பில் தமிழில் தட்டி அனுப்பினாலே போதும்’ என்று ஒரு வரி சேர்த்தால் இந்த வேலை முழுதும் மிச்சம்.

நான்காவது எண் கடைக்காரருக்கு வேண்டாத விசாரணை போலத் தோன்றலாம். தளத்திலேயே பணம் வாங்கி விற்பதானால் அது கட்டாயம். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி விற்பவரின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலரின் பெயர் ஆகியவை தளத்தில் தெரியும்படி இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சின்னக் கடையில் குறைதீர் அலுவலர் கடைக்காரரின் மகனாகவே இருக்கலாம், பெயர் போட்டால் சரி. பணம் வசூலித்துத் தரும் நிறுவனங்களும் திருப்பிக் கொடுக்கும் விதி, அனுப்பும் விதி ஆகிய பக்கங்களைப் பார்த்த பிறகே கணக்கைத் திறப்பது வழக்கம். மிட்டாய் உடைந்து போய்ச் சேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்பதை வடிவமைப்பாளர் ஊகித்து எழுத முடியாது, எழுதவும் கூடாது.

புவிசார் குறியீட்டு முத்திரையும் இங்கேதான் வருகிறது. ஊருக்குக் கிடைத்த பெருமை என்பதால் எல்லாக் கடைக்காரர்களும் அதைத் தளத்தில் போடச் சொல்வார்கள். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்துகொண்டவருக்குத்தான் அந்த உரிமை. பதிவுச் சான்றின் நகலையும் பட்டியலில் கேட்டுவிட்டால் பின்னால் முத்திரையை அழிக்கும் வேலை இராது.

லோகோ: விசிட்டிங் கார்டிலிருந்து வெட்டியது

லோகோவைக் கேட்டால் பெரும்பாலும் வருவது விசிட்டிங் கார்டின் படம், அல்லது கடைப் பலகையைத் தெருவிலிருந்து எடுத்த படம். இரண்டும் புள்ளிகளால் ஆனவை. பெரிதாக்கினால் ஓரம் படிக்கட்டு போல உடையும். சுற்றியுள்ள வெள்ளைக் கட்டமும் கூடவே வரும். வெல்லக் கலரில் மேல்பட்டி வைத்தால் அதன் நடுவில் அந்த வெள்ளைக் கட்டம் ஒட்டுப்போட்டது போல் நிற்கும்.

மூலக் கோப்பு வேறு வகை. அதில் லோகோ கோடுகளாகவும் வளைவுகளாகவும் கணக்காக எழுதப்பட்டிருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் மழுங்காது. தமிழ்நாட்டு அச்சகங்களும் ஃபிளெக்ஸ் கடைகளும் பரவலாக கோரல்டிராவில் வேலை செய்வதால் அது `.cdr` என்று முடியும் கோப்பாக இருக்கும். அங்கே ஒரு பொறி உண்டு. கடையின் பெயர் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு வடிவமைப்பாளரின் கணினியில் இல்லாவிட்டால் கோப்பைத் திறந்ததும் வேறு எழுத்துரு வந்து உட்காரும், அல்லது மேலே பார்த்த ஆங்கில எழுத்துக் குவியல் வரும். அச்சகத்தில் கோப்பைச் சேமிக்கும் முன் எழுத்துகளைத் தேர்ந்து `Ctrl+Q` அழுத்தினால் அவை வெறும் வளைவுகளாக மாறிவிடும், எழுத்துருவின் தேவை போய்விடும். செய்தியில் உள்ள ‘கர்வ் பண்ணி’ என்பதன் பொருள் இதுதான். வடிவமைப்பாளர் பின்னர் அதை `.svg` ஆக மாற்றித் தளத்தில் வைப்பார்.

கோப்பின் பெயர் `.cdr` என்றோ `.pdf` என்றோ முடிந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. அவசரத்தில் சிலர் அதே விசிட்டிங் கார்டுப் படத்தைக் கோப்புக்குள் ஒட்டிச் சேமித்துத் தந்துவிடுவார்கள். திறந்து எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓரம் வழுவழுவென்று இருந்தால் மூலம், சதுரம் சதுரமாக இருந்தால் ஒட்டியது. அச்சகம் மூடிப்போய் மூலமே கிடைக்காவிட்டால், இருக்கும் படத்தைப் பார்த்து மறுபடி வரைய வேண்டும். வேலை தொடங்கும் முன் இது தெரிந்தால் அதற்குத் தனி மதிப்பீடு கொடுக்கலாம். பாதி வேலையில் தெரிந்தால் அது சண்டையாகும்.

இன்னொரு சிக்கல் நம்மூர் லோகோக்களுக்கே உரியது. குலசாமி படம், நிறுவனரின் படம், கடையின் பெயர் இரண்டு மொழியில், ஊர், போன் எண் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் இருக்கும். பலகையில் அது நன்றாகத்தான் தெரியும். உலாவியின் தாவலில் லோகோவுக்குக் கிடைப்பது 16 அல்லது 32 புள்ளி அகலம். அந்த அளவில் தாத்தாவின் மீசைகூடத் தெரியாது. முழு லோகோவைப் பக்கத்தின் அடியிலோ கடையின் வரலாற்றுப் பக்கத்திலோ வைத்துவிட்டு, பெயரின் முதல் எழுத்தையோ ஒரே ஓர் உருவத்தையோ சிறு அடையாளமாகப் பிரித்துக்கொள்ள ஒப்புதல் வாங்க வேண்டும். தாத்தா படத்தை எடுத்துவிட்டீர்களே என்ற வருத்தம் குடும்பத்தில் வரக்கூடிய இடம் இது. மாடல் வரும் முன்பே பேசிவிடுவது மேல்.

படம்: வாட்ஸ்அப் தின்றது போக

இன்றைய சாதாரணப் போன்கூட 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் கொண்ட படத்தை எடுத்துவிடும். அதை வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளியாகச் சுருங்கிவிடும், 1600க்கு 1200. ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகளில் இருபது லட்சத்துக்கும் குறைவாகத்தான் வந்து சேர்கின்றன. போனில் பார்க்கும்போது வேறுபாடு தெரியாது. கணினித் திரை 1920 புள்ளி அகலம். முகப்பில் இடமிருந்து வலம் முழுக்கப் பரவும் படமாக அதை வைத்தால் இழுத்து நீட்டித்தான் வைக்க முடியும். கடலைப் பருப்பின் பளபளப்பு போய், பாகும் பருப்பும் ஒரே கலங்கலாகத் தெரியும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமானால் நிலைமை இன்னும் மோசம், அதன் அகலமே 1200தான்.

Document என்று தேர்ந்து அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தில் கை வைப்பதில்லை. ஆனால் மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அண்ணாச்சி Document ஆக அனுப்பினால் பயனில்லை, சுருங்கியது சுருங்கியதுதான். எடுத்த போனிலிருந்தே அனுப்ப வேண்டும். எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் சேமிக்கும் படத்தின் பெயர் `IMG-20240312-WA0007.jpg` என்பது போல இருக்கும். பெயரில் WA என்று இருந்து, அளவும் சில நூறு கேபி மட்டும் என்றால் அது ஏற்கெனவே சுருங்கிய படம். வடிவமைப்பாளர் மூலப் படத்தை அப்படியே தளத்தில் ஏற்றப்போவதில்லை. தளம் வேகமாகத் திறக்க அவரும் சுருக்கத்தான் செய்வார். ஆனால் எந்தப் பகுதியை வெட்டுவது, எவ்வளவு சுருக்குவது என்பதை அவர் முடிவு செய்ய மூலம் கையில் இருக்க வேண்டும்.

என்னென்ன படம் என்று பெயர் சொல்லிக் கேட்பதற்கும் காரணம் உண்டு. ‘போட்டோஸ் அனுப்புங்க’ என்றால் கடை திறப்பு விழாவில் பொன்னாடை போர்த்திய படங்கள் முப்பது வரும். மிட்டாய்ப் படம் ஒன்றுகூட வராது. சரக்குப் படங்களை ஒரே இடத்தில், ஒரே பின்னணியில், ஒரே தூரத்திலிருந்து எடுத்தால்தான் வரிசையாக அடுக்கும்போது ஒரு கடையின் சரக்காகத் தெரியும். காலை வெயில் நேராகப் படாத வாசல் திண்ணையும் ஒரு வெள்ளை வேட்டியும் இதற்குப் போதும். டியூப்லைட் வெளிச்சத்தில் வெல்லத்தின் நிறம் பச்சையடித்துப்போகும்.

கூகுளில் தேடி எடுத்த படத்தைக் கடைக்காரர் அனுப்புவதும் உண்டு. ‘நம்ம மிட்டாய் மாதிரியே இருக்கு, இதையே போட்டுருங்க.’ அது யாரோ எடுத்த படம், உரிமை அவருடையது. காசு கொடுத்து நம் கடைக்கென்று எடுக்கச் சொன்ன படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு எடுக்கச் சொன்னவரையே முதல் உரிமையாளர் என்கிறது. எனவே ஒவ்வொரு படத்தோடும் ‘இதை எடுத்தது யார்’ என்று கேட்டு வைப்பது வழக்கம். பாகு கிண்டும் அக்காவின் முகம் தெரிந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

20ஆம் தேதி

ஏழாவது கேள்வியும் கடைசித் தேதியும் பொருள்களைப் பற்றியவை அல்ல என்றாலும் அவை இல்லாவிட்டால் மற்ற ஆறும் வந்து சேராது. அண்ணாச்சிக்குச் சிவப்பு பிடிக்கும், மகனுக்குக் கறுப்பு, சென்னையில் இருக்கும் மருமகனுக்கு வேறொரு தளத்தைப் போலவே இருக்க வேண்டும். ஒப்புதல் சொல்பவர் ஒருவர் என்று முதலிலேயே எழுதிவைத்தால் மற்றவர்களின் கருத்து அவர் வழியாக வடிகட்டி வரும். தேதியைத் தாண்டினால் வேலையின் தேதியும் நகரும் என்பதையும், நீண்ட நாள் எதுவும் வராவிட்டால் வேலை நிறுத்தி வைக்கப்படும் என்பதையும் பலர் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுகிறார்கள். அதைச் செய்தியில் ஒரு முறை நினைவூட்டினால் கடுமையாகத் தோன்றாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தருபவர் அரிது. எல்லாம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவும் தேவையில்லை. கேள்வி பதிலும் ஐந்து சரக்கும் வந்துவிட்டால் பக்கங்களின் அடுக்கை வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகப் போட்டுப் பார்க்கலாம். நிறமும் எழுத்துருவும் லோகோ வரும் வரை காத்திருக்கும். முகப்புப் படம் இல்லாமல் முகப்பை மட்டும் முடிக்க முடியாது. பாகு காய்ச்சும் படம் படுக்கையாக வருகிறதா நிமிர்ந்து வருகிறதா என்பதைப் பொறுத்துத்தான் தலைப்பு அதன் மேல் உட்காருமா, பக்கத்தில் நிற்குமா என்று தெரியும்.

எனவே 20ஆம் தேதி மாலை இரண்டாவது செய்தி ஒன்று போகும். அது முதல் செய்தியைவிடக் குட்டையானது, அதே எண்களில் அமைந்தது: “அண்ணாச்சி, 1, 2, 3 வந்துவிட்டன, நன்றி. 4இல் உணவு உரிம எண்ணில் 13 இலக்கம்தான் இருக்கிறது, 14 வர வேண்டும். சரிபாருங்கள். 5இல் வந்த சிடிஆர் ஃபைலுக்குள் படம்தான் ஒட்டியிருக்கிறது, அச்சகத்தின் போன் எண் தந்தால் நானே பேசிக்கொள்கிறேன். 6இல் கடை முகப்பும் சரக்குகளும் நன்றாக இருக்கின்றன, பாகு காய்ச்சும் படத்தை மட்டும் உங்கள் மகன் போனிலிருந்து Document ஆக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். 7 யார் என்று சொல்லவில்லை. கட்டங்களை இன்று தொடங்குகிறேன். லோகோ வந்ததும் நிறம் போடுவேன்.”